மாடிப்படி விளக்கு

மாடிப்படியில் விளக்கு ஒன்று. அதற்குரிய சுவிட்சுகள் இரண்டு. ஏறுகின்றவர் கீழே விளக்கை ஏற்றி, மேலே சென்றதும் அணைத்துவிடலாம். இறங்குகின்றவரும் அவ்வாறே செய்யலாம். சாதாரணச் சுவிட்சுகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால் இப்பயன் கிட்டாது. ஒன்று அணைந்திருந்தால், மற்றொன்றை எத்தனை முறை தட்டினும் விளக்கு எரியாது. ஆதலின் இங்கே இருவழிச் சுவிட்சுகளைப் பொருத்துகின்றனர்.

இருவழிச் சுவிட்சுக்கு 3 முனைகள் உண்டு. அவற்றுள் ஒன்று பொது முனை. மற்ற இரண்டும் கிளை முனைகள். சுவிட்சைத் தட்டும்போதெல்லாம் பொது முனை ஒரு கிளையை விட்டு மற்றொரு கிளையைச் சேரும். கீழ்ச் சுவிட்சின் பொது முனைக்கு மின்சாரம் வரும் கம்பி வந்து சேர்கிறது. மேற்சுவிட்சின் பொது முனையிலிருந்து விளக்குக்குக் கம்பி செல்கிறது. இரு சுவிட்சுகளின் கிளை முனைகளையும் இரண்டு இடைக்கம்பிகள் இணைக்கின்றன. இரு சுவிட்சுகளும் ஒரே இடைக்கம்பியைச் சேர்ந்து நின்றால் விளக்கு எரியும். வெவ்வேறு கம்பிகளைச் சேர்ந்து நின்றால் அணையும். இரு சுவிட்சுகளும் சேர்ந்து நிற்கக்கூடிய நிலைகள் 4. அவற்றுள் இரண்டில் விளக்கு எரிய வேண்டும். இரண்டில் அணைந்திருக்க வேண்டும்.

ஒரு வீட்டில் மேற்சுவிட்சு பழுதுற்றது. வீட்டுக்காரர் புதிய சுவிட்சு ஒன்றை வாங்கித் தாமே மாற்றினார். அன்றிரவு வீட்டிலிருந்த முதிய பாட்டி, கீழே விளக்கை ஏற்றிக்கொண்டு மாடிக்குச் சென்றார், மேலே அணைத்தார். யாதொரு குறையும் தோன்றவில்லை. சற்றுப் பின்னர் மாடிக்குச் செல்ல வந்த பேரன் கீழ்ச் சுவிட்சைத் தட்டினான், விளக்கு எரியவில்லை. மீண்டும் தட்டினான், அப்போதும் இருளே நின்றது. நள்ளிரவில் பாட்டி மேற்சுவிட்சைத் தட்டியபோதோ விளக்கு எரிந்தது! ஒரு நாள் எரிவதும், மறுநாள் எரியாமையுமாக இருந்தது. பாட்டி பலமுறை சுவரைத் தடவியே இறங்க வேண்டியதாயிற்று. விளக்கின் குமிழை மாற்றியும் பயனில்லை.

மின்பணியாளர் ஒருவர் வந்தார். அவர் உடனே எதனையும் கழற்றவில்லை. 4 நிலைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். ஒரே ஒரு நிலையில் மட்டும் விளக்கு எரிந்தது. “குமிழில் குறையில்லை ஐயா, கம்பி இடம் மாறியிருக்கலாம், அல்லது இடைக்கம்பி ஒன்று அறுந்திருக்கலாம். இரண்டுக்கும் இதுவே அடையாளம்” என்றார் அவர்.

இவ்விரண்டுள் எது என்று அறிவது எப்படி? அவர் மெயினை அணைத்தார். பியூஸையும் எடுத்துத் தம்மிடமே வைத்துக்கொண்டார். சுவிட்சில் மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்த பின்னரே அதைத் திறந்தார். எந்தக் கம்பி எந்த முனையில் இருந்தது என்று குறித்துக்கொண்டு மூன்றையும் கழற்றினார். பிறகு மின்தொடர்ச்சியைக் காட்டும் மீட்டரால் சுவிட்சின் முனைகளை இரண்டிரண்டாகச் சோதித்தார். சுவிட்சை எப்படித் தட்டினாலும் ஒன்றோடொன்று சேராத முனைகள் இரண்டும் கிளை முனைகள். எஞ்சியதே பொது முனை. பழைய சுவிட்சில் அது நடுவில் இருந்தது. புதியதில் ஓரத்தில் இருந்தது. அடுத்து, குமிழை எடுத்துவிட்டு, விளக்கிலிருந்து வரும் கம்பி மூன்றனுள் எது என்று சோதித்தார். வீட்டுக்காரர் அதைப் பழைய வழக்கப்படி நடுமுனையில் செருகியிருந்தார். அது இப்போது கிளை முனை. பொது முனையிலோ இடைக்கம்பி ஒன்று இருந்தது.

இதனால் நேர்ந்தது யாது? மேற்சுவிட்சு ஒரு பக்கம் நின்றபோது, அந்த இடைக்கம்பி விளக்குக்கம்பியோடு சேர்ந்தது. அப்போது மட்டும் கீழ்ச் சுவிட்சு விளக்கை ஏற்றவும் அணைக்கவும் வல்லதாயிற்று. மறுபக்கம் நின்றபோது, இடைக்கம்பிகள் இரண்டும் தம்முள்ளேயே சேர்ந்துகொண்டன. விளக்குக்கம்பி தனித்து நின்றது. அந்நிலையில் கீழ்ச் சுவிட்சால் ஆவது ஒன்றுமில்லை.

பணியாளர் விளக்குக்கம்பியைப் பொது முனையில் சேர்த்தார். இடைக்கம்பிகள் இரண்டையும் கிளை முனைகளில் சேர்த்தார். அவற்றுள் எது எங்கே என்று அவர் பார்க்கவில்லை. அவை தமக்குள் இடம் மாறினால் விளக்கு எரியும் நிலைகள் மாறுமே அன்றி, எண்ணிக்கை குறையாது. மின்சாரத்தை விட்டதும் இரண்டு நிலைகளில் விளக்கு எரிந்தது. விளக்குக்கம்பி முன்னமே பொது முனையில் இருந்திருந்தால், கீழ்ச் சுவிட்சையும் இவ்வாறே சோதித்து, அதன்பின் இடைக்கம்பிகள் அறுந்துள்ளனவா என்று பார்த்திருப்பார்.

வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. ஆகவே சுவிட்சைத் திறப்பது பயிற்சி பெற்றவர் பணி. நிலைகளை எண்ணிப் பார்ப்பதோ எவரும் செய்யத்தக்கது. சுவிட்சை மாற்றுகின்றவர், பழையதைக் கழற்றுமுன் பொது முனையிலுள்ள கம்பியில் ஒரு நூலைக் கட்டிவைக்க வேண்டும். முனை இருக்கும் இடம் சுவிட்சுக்குச் சுவிட்சு மாறும். அந்தக் கம்பியின் வேலை மாறாது.