ஆறு கடக்கும் படகின் கணக்கு

ஓடும் ஆற்றில் செல்லும் படகுக்கு ஒரே நேரத்தில் இரண்டு நகர்வுகள் உண்டு: துடுப்பு வலிப்பவர் படகை நீரின் மேல் ஒரு திசையில் செலுத்துகிறார், நீரோ படகையும் அவரையும் சேர்த்துத் தன் போக்கில் கொண்டு செல்கிறது. இவற்றுள் முதலாவதை நீரைச் சார்ந்த படகின் திசைவேகம் என்றும், இரண்டாவதைக் கரையைச் சார்ந்த நீரின் திசைவேகம் என்றும் இயற்பியல் பெயரிட்டு அழைக்கிறது. வேகத்தின் அளவோடு அதன் திசையையும் சேர்த்துச் சொன்னால் அது திசைவேகம், அவ்வாறு அளவும் திசையும் ஒருங்கே கொண்ட கணியம் வெக்டர். கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியும் நகர்வு இவ்விரண்டின் கூட்டுத்தொகையாகிய தொகுபயன் வெக்டர் ஆகும். முதல் அம்புக்குறியின் முனையிலிருந்து இரண்டாவதை வரைந்து, தொடக்கத்தையும் முடிவையும் இணைத்தால் அது கிடைத்துவிடும். வரைவது எளிது. ஆனால் மூன்று அம்புகளில் எது துடுப்பின் வேலை, எது ஆற்றின் வேலை, எது கரையிலிருந்து காண்பது என்று பிரித்து வைத்துக்கொள்வதில்தான் மாணவர்களும், சில வேளைகளில் ஆசிரியர்களும் தடுமாறுகின்றனர்.

240 மீட்டர் அகலமுள்ள ஓர் ஆற்றை எடுத்துக்கொள்ளலாம். அதில் நீர் நொடிக்கு 0.9 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்றும், அசையாத நீரில் படகு நொடிக்கு 1.5 மீட்டர் செல்லும் என்றும் கொள்வோம். படகின் முகப்பை அக்கரைக்கு நேர்செங்குத்தாக வைத்துத் துடுப்பு வலித்தால், 240-ஐ 1.5-ஆல் வகுக்கக் கிடைக்கும் 160 நொடியில் படகு அக்கரையைத் தொடும். அந்த 160 நொடியும் ஆறு அதைக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதால், எதிர்த் துறைக்கு 144 மீட்டர் கீழே போய்த்தான் கரை ஏறமுடியும். தரையின் மேல் படகு கடந்த சாய்ந்த பாதையின் நீளம் ஏறத்தாழ 280 மீட்டர். இந்த 280-ஐ 1.5-ஆல் வகுத்து 187 நொடி என்று விடை எழுதுவது இக்கணக்கில் அடிக்கடி காணப்படும் பிழை; சாய்ந்த பாதை கரையிலிருந்து பார்த்த பாதை, 1.5 என்பதோ நீரைச் சார்ந்த வேகம், ஒன்றை மற்றொன்றால் வகுக்க இடமில்லை. கரையைச் சார்ந்த வேகம் இங்கே நொடிக்கு 1.75 மீட்டர் என்பதால், அதைக் கொண்டு வகுத்தால் அதே 160 நொடி திரும்பவும் வந்து சேரும்.

பாதை நீண்டும் நேரம் கூடாதது முதலில் வியப்பளிக்கும். ஆற்றோடு மிதந்து செல்லும் ஒரு மரக்கட்டையின் மேல் அமர்ந்து பார்த்தால் வியப்பு அகலும். அங்கிருந்து காண்பவருக்கு நீர் அசையாத குளம், படகு அதில் நேராக 240 மீட்டர் செல்கிறது, அவ்வளவே. கரைக்கு இணையாக ஓடும் நீர் படகை அக்கரைக்கு நெருக்குவதுமில்லை, விலக்குவதுமில்லை. ஆகவே கடக்கும் நேரத்தை முடிவு செய்வது, படகின் திசைவேகத்தில் கரைக்குச் செங்குத்தாக உள்ள பகுதி, அதாவது செங்குத்துக் கூறு மட்டுமே. முகப்பை எப்பக்கம் திருப்பினாலும் அந்தக் கூறு குறையும். எனவே நேராக நோக்கிச் செல்வதே மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் வழி.

இறங்கவேண்டிய துறை நேர் எதிரே இருந்தால் முகப்பைச் சற்று மேல்பக்கமாகத் திருப்பவேண்டும். படகின் 1.5-இல் 0.9 நீரோட்டத்தை ஈடுசெய்யச் செலவாகிவிடும். எஞ்சும் செங்குத்துக் கூறு, பித்தாகரஸ் தேற்றத்தின்படி, 1.2. முகப்பு செங்குத்திலிருந்து ஏறத்தாழ 37 பாகை மேல்பக்கம் சாய்ந்திருக்கும், படகு தரையின் மேல் நேர்க்கோடு இழுத்தது போல் 240 மீட்டரே செல்லும், ஆனால் எடுத்துக்கொள்ளும் நேரம் 200 நொடி. மிகக் குறுகிய பாதைக்காகக் கொடுக்கும் விலை 40 நொடி. பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கணக்கை முடித்துக்கொள்கின்றன. படகோட்டியின் தொழில் இங்கேதான் தொடங்குகிறது.

37 பாகை என்பதை நடு ஆற்றில் எவரும் அளப்பதில்லை. கைக்கு இயல்பாக வருவது, இறங்கவேண்டிய துறையைப் பார்த்தே முகப்பை வைத்துக்கொண்டு வலிப்பதுதான். ஆறு படகைக் கீழே தள்ளத் தள்ள முகப்பு துறையை நோக்கி மேலும் மேலும் மேல்பக்கம் திரும்புகிறது. பாதை வளைந்து, கடைசிப் பகுதி ஏறக்குறைய முழுவதும் நீரோட்டத்தை எதிர்த்த போராட்டமாக முடிகிறது. இதற்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட்டால், மேற்கண்ட ஆற்றில் 250 நொடி வருகிறது. அதாவது இலக்கை விட்டுக் கண்ணை எடுக்காதவரே மூவரிலும் கடைசியாகக் கரை சேர்கிறார்.

தேர்ந்தவர்கள் துறையைப் பார்ப்பதோடு நிற்பதில்லை, துறையையும் அதன் பின்னால் தொலைவில் உள்ள ஏதேனும் ஒன்றையும், ஒரு பனைமரத்தையோ கோபுரத்தையோ, சேர்த்தே பார்க்கின்றனர். அருகில் உள்ள படிக்கட்டும் தொலைவில் உள்ள பனையும் ஒரே கோட்டில் நிற்கும் வரை படகு தன் நேர்க்கோட்டை விட்டு விலகவில்லை. படகு கீழே நழுவினால், பின்னால் உள்ள பனை படிக்கட்டுக்குக் கீழ்ப்பக்கமாக விலகித் தெரியும், உடனே முகப்பை இன்னும் சற்று மேலே திருப்பவேண்டும். பனை மேல்பக்கம் விலகினால் திருப்பியது அதிகம் என்று பொருள். தொகுபயன் வெக்டரின் திசையைக் கணக்கின்றிக் கண்ணாலேயே அறியும் முறை இது. வட்டமான பரிசலுக்கு முகப்பு என்று ஒன்று கிடையாது. ஆயினும் துடுப்பு பரிசலை எத்திசையில் இழுக்கிறதோ அத்திசையே முகப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் கணக்கில் மாற்றமில்லை.

இதுவரை ஆறு முழுவதும் ஒரே வேகத்தில் ஓடுவதாகக் கொள்ளப்பட்டது. உண்மையான ஆறு அப்படி ஓடுவதில்லை. கரையோரத்தில் ஆழக் குறைவாலும் உராய்வாலும் நீர் மெல்ல நகர்கிறது, நடுவில் விரைகிறது. அதே ஆற்றில் இரு கரையோரமும் 60 மீட்டர் அகலத்துக்கு நீரின் வேகம் 0.6 என்றும், நடுவில் 120 மீட்டர் அகலத்துக்கு 1.2 என்றும் வைத்தால், சராசரி முன்போலவே 0.9. முகப்பை நேராக வைத்துக் கடப்பவருக்கு எதுவும் மாறவில்லை: 160 நொடி, 144 மீட்டர் நழுவல். நழுவலை முடிவு செய்வது சராசரி மட்டுமே.

நேர் எதிர்த் துறைக்குச் செல்பவருக்கோ இப்போது இரண்டு வழிகள் தனித்தனியாகப் பிரிகின்றன. படிக்கட்டையும் பனையையும் ஒரே கோட்டில் பிடித்துக்கொண்டு, இம்மியும் விலகாமல் செல்வது ஒன்று. அப்படிச் செய்தால் நடு ஆற்றில் 1.5-இல் 1.2 எதிர்ப்புக்கே போய்விடும், செங்குத்துக் கூறு 0.9-ஆகச் சுருங்கும், மொத்தத்தில் ஏறத்தாழ 221 நொடி ஆகும். மற்றொன்று, நழுவலைப் பொருட்படுத்தாமல் அந்த 37 பாகையையே முதலிலிருந்து கடைசி வரை மாற்றாமல் வைத்துக்கொள்வது. முதல் 60 மீட்டரில் படகு கோட்டுக்கு 15 மீட்டர் மேலே ஏறிவிடும். நடு ஆறு அதை 30 மீட்டர் கீழே தள்ளி, கோட்டுக்கு 15 மீட்டர் கீழே கொண்டுபோகும். எதிர்க் கரையோரத்து மெல்லிய நீரில் அந்த 15 மீட்டரும் மீண்டும் ஏறப்பட்டு, படகு சரியாகத் துறையிலேயே சேரும். பாதை நெளிந்திருக்கும், நீளம் கூடியிருக்கும், நேரமோ 200 நொடிதான். நேர்க்கோட்டில் செல்வதை விட வளைந்து செல்வது 20 நொடிக்கு மேல் விரைவாகிறது. ஆற்றின் வேகம் சீராக இருக்கும்போது எதிர்த் துறைக்கான மிகக் குறுகிய பாதையும் மிக விரைவான பாதையும் ஒன்றாகவே இருந்தன. வேகம் இடத்துக்கு இடம் மாறியதும் அவை பிரிந்துவிட்டன என்பது இந்தக் கணக்கின் மிகச் சுவையான இடம்.

இதைவிடவும் விரைவான வழி உண்டா என்ற வினாவைப் பொது நிலையில் எடுத்து ஆராய்ந்தவர் ஜெர்மானியக் கணிதவியலாளர் எர்ன்ஸ்ட் செர்மெலோ. 1931-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, காற்றோ நீரோட்டமோ இடத்துக்கு இடம் மாறும்போது ஊர்தி மிகக் குறைந்த நேரத்தில் இலக்கை அடைய எப்படித் திசை திருப்பவேண்டும் என்பதைப் பற்றியது. அவ்விதியை இந்த ஆற்றுக்குப் பொருத்தினால், கரையோரங்களில் முகப்பை ஏறத்தாழ 41 பாகையும் நடுவில் 31 பாகையும் சாய்க்கவேண்டும் என்று வருகிறது. நீர் விரைந்து ஓடும் இடத்தில் அதிகமாக எதிர்க்கவேண்டும் என்றே எவருக்கும் தோன்றும். கணக்கு அதற்கு மாறாக, மெல்லிய நீரில் மேலே ஏறி வைத்துக்கொண்டு, விரைந்த நீரை முடிந்தவரை நேராகத் தாண்டிவிடச் சொல்கிறது. இதனால் கிடைக்கும் ஆதாயம் 37 பாகையில் மாறாது செல்வதை விட ஏறத்தாழ ஒரு நொடி. கணிதத்துக்கு அது வெற்றி. துடுப்பு பிடித்த கைக்கு அந்த ஒரு நொடிக்காகத் திசை மாற்றும் தொல்லை வேண்டியதில்லை.

வெள்ளக் காலத்தில் கணக்கின் இயல்பே மாறிவிடுகிறது. நீரின் வேகம் நொடிக்கு 2.5 மீட்டராக உயர்ந்தால், படகின் 1.5 முழுவதையும் எதிர்ப்புக்கே செலவிட்டாலும் நழுவலைத் தடுக்க இயலாது. எதிர்த் துறைக்கான நேர்க்கோட்டுப் பாதை என்பதே இல்லை. அப்போது கேட்கக்கூடிய வினா, மிகக் குறைவாக நழுவுவது எப்படி என்பதுதான். தாளில் நீரின் அம்பை வரைந்து, அதன் முனையை மையமாகக் கொண்டு படகின் வேகத்தை ஆரமாக வைத்து ஒரு வட்டம் போட்டால், தொகுபயன் அம்பு அந்த வட்டத்தின் ஏதேனும் ஒரு புள்ளியில் முடியவேண்டும். அவற்றுள் கரையிலிருந்து மிக அதிகமாக விலகி நிற்பது வட்டத்தைத் தொட்டுச் செல்லும் தொடுகோடு. ஆரத்துக்குத் தொடுகோடு செங்குத்து என்பதால், படகின் முகப்பு அது உண்மையில் செல்லும் பாதைக்குச் செங்குத்தாக இருக்கும். இந்த எண்களுக்கு அந்தச் சாய்வும் 37 பாகையாகவே அமைகிறது. கடக்கும் நேரம் 200 நொடி, நழுவல் 320 மீட்டர். முகப்பை நேராக வைத்தால் 160 நொடி, நழுவல் 400 மீட்டர். 37 பாகைக்கு மேலும் மேல்பக்கம் திருப்புபவர், எதிர்ப்பு கூடுகிறது என்று நம்பிக்கொண்டே நழுவலையும் கூட்டிக்கொள்கிறார், ஏனெனில் குறையும் செங்குத்துக் கூறு அவரை ஆற்றில் இன்னும் நெடுநேரம் நிறுத்திவைக்கிறது.

எதிர்த் துறையிலேயே இறங்கியாக வேண்டுமானால், புறப்படும் முன் படகைக் கரையோரத்து மெல்லிய நீரில் மேல்பக்கமாக இழுத்துச் சென்று, நழுவவிருக்கும் தொலைவை முன்கூட்டியே ஈட்டிக்கொள்வது பழைய வழக்கம். 320 மீட்டர் இழுத்து 200 நொடி ஆற்றில் இருப்பதா, 400 மீட்டர் இழுத்து 160 நொடியில் கடந்துவிடுவதா என்பதே அப்போதைய தேர்வு. வெள்ளத்தில் மரங்களும் புதர்களும் அடித்து வருகையில், கூடுதலாக 80 மீட்டர் கரையில் இழுப்பது நடு ஆற்றில் கூடுதலாக 40 நொடி இருப்பதைவிட மேலானது.