கீம்பு வரும் இடம்

ஒரு தமிழ்ப் படத்தில் பாட்டி பேரனிடம், "அந்தப் பக்கம் போகாதேடா, பாம்பு கீம்பு இருக்கும்" என்கிறாள். கீழே ஆங்கிலத்தில் 'ஸ்நேக்ஸ், எட்செட்ரா' என்று ஓடியது. எனக்கு அதற்குமேல் படத்தில் மனம் செல்லவில்லை. எட்செட்ரா என்பது பட்டியல் போடுகிறவரின் சொல். நேரமிருந்தால் மீதியையும் எழுதிவிடுவேன் என்ற தொனி அதில் இருக்கிறது. பாட்டியிடம் பட்டியல் ஏது? பயம்தான் இருக்கிறது. பாம்போ, தேளோ, இருட்டில் எது கிடந்தாலும் சரி, பையன் போகக் கூடாது.

கீம்பு உருவாகும் விதி நமக்கெல்லாம் யாரும் சொல்லித் தராமலே தெரியும். முதலெழுத்து குறிலானால் 'கி', நெடிலானால் 'கீ': புலி கிலி, பணம் கிணம், மாடு கீடு. நேற்று வந்த சொல்லுக்கும் அது பொருந்தும்: லேப்டாப் கீப்டாப். கிளிக்கும் கீரைக்கும் மட்டும் வழியில்லை. 'கீரை அது இது' என்று சுற்றித்தான் போக வேண்டும். தெலுங்கில் 'கி'யின் ககரம் ஒலிப்புடையதாக மாறும், இந்தியில் 'சாய் வாய்' என்று வகரம் வரும். நீலகிரியில் தங்கித் தோடர் மொழியைக் கற்ற எமனோ, 1938-இல் அம்மொழியின் எதிரொலிச் சொற்களுக்கென்றே ஒரு தனிக் கட்டுரை எழுதினார்.

ஆங்கிலத்தில் இதற்கு இணை இருக்கிறது. ஆனால் அது சொல்லின் தலையில் இல்லை, வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. எனக்கு இதைப் புரியவைத்தவள் என் அண்ணன் மகள். அவளோடு வேலை பார்க்கும் வெள்ளைக்காரர் ஒருவரை ஒரு பிற்பகல் ஊருக்கு அழைத்து வந்திருந்தாள். என் பெரியம்மா திண்ணைக்கு வந்து, "காப்பி கீப்பி சாப்பிடறாரான்னு கேளுடி" என்றார். பெரியம்மாவின் கீப்பிக்குள் மோர், இளநீர், பானைத் தண்ணீர் எல்லாமே அடக்கம். வந்தவர் காப்பி குடிக்காதவராக இருந்தால் மறுக்கச் சங்கடப்படக் கூடாது, வேறொன்றைக் கேட்கவும் கூச்சப்படக் கூடாது என்ற கரிசனமும் அதிலேயே இருக்கிறது. காப்பியும் பிற பானங்களும் என்று விரித்திருந்தால் விமானத்தில் கேட்பதுபோல் ஆகியிருக்கும். அவள் யோசிக்கவேயில்லை. "வுட் யூ லைக் சம் காஃபி ஆர் சம்திங்?" என்றாள். அவர் உடனே, தண்ணீர் போதும் என்றார். பெரியம்மா திறந்து வைத்த கதவு மொழி மாறியும் மூடவில்லை. சொம்பு வந்தது, கூடவே ஒரு தட்டில் முறுக்கும்.

'ஆர் சம்திங்' எல்லா இடத்திலும் ஒட்டாது. எதிர்மறையிலும், இருக்காது என்று நினைத்துக் கேட்கும் கேள்வியிலும் 'ஆர் எனிதிங்' வரும். "ஃபீவர் கீவர் இருக்கா?" என்பது "எனி ஃபீவர் ஆர் எனிதிங்?" "விழுந்து கிழுந்து வைக்காதே" என்பது "டோண்ட் ஃபால் ஆர் எனிதிங்." 'அண்ட் ஸ்டஃப்' போட வேண்டுமானால் பொருள்கள் உண்மையிலேயே இருக்க வேண்டும்: "பாத்திரம் கீத்திரமெல்லாம் கழுவியாச்சா?" என்பது போல. அலட்சியமாக "பணமாவது கிணமாவது" என்று கையை உதறும்போது மட்டும், இத்திஷ் பேசிய யூதர்கள் வழியே அமெரிக்க ஆங்கிலத்துக்கு வந்த 'மனி ஷ்மனி' அப்படியே பொருந்துகிறது. அதே சொல்லைப் பெரியம்மாவின் கேள்விக்குப் போட்டு 'காஃபி ஷ்மாஃபி' என்றால் விருந்தாளியை விரட்டியதாகிவிடும்.

இன்னொரு நுட்பம் இருக்கிறது. "பாம்பு கீம்பு இருக்கும்", "பாம்பு கீம்பு வந்தா?", "பாம்பு கீம்பு கடிச்சுதா?" எல்லாம் சரி. "நேத்து ராத்திரி கொல்லையில ஒரு பாம்பு கீம்பைப் பார்த்தேன்" என்று யாரும் சொல்வதில்லை. பாம்பைக் கண்டவன் கீம்பு என்று சொல்லமாட்டான். நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்ற இடங்களில்தான் கீம்புக்குப் பெரும்பாலும் வேலை. ஆங்கிலத்தில் "ஐ சா எ ஸ்நேக் ஆர் சம்திங்" என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அதன் பொருள், பார்த்தது பாம்புதானா என்று தெரியவில்லை என்பது. அதைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது கீம்பு உதவாது. 'பாம்பு மாதிரி என்னமோ' என்றுதான் எழுத வேண்டும்.

வசனவரி எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எட்செட்ராவை விட்டுவிடுங்கள். பேசுகிறவர் உபசரிக்கிறாரா, எச்சரிக்கிறாரா, உதறித் தள்ளுகிறாரா என்று முதலில் கேளுங்கள். வாலில் எதை ஒட்டுவது என்பது அதற்குப் பிறகுதான்.