ஃபேனும் மண்டபமும் ஒரே இலக்கம்

எங்கட போர்டிங்குக்குப் பின்மதில் ஒரு கல்யாண மண்டபம். சோதனைக் காலத்தில கிழமைக்கு மூண்டு நாள் பாட்டு. போய்ச் சொன்னால் அங்க நிக்கிற அண்ணை கோபப்படமாட்டார். ஒரு மீற்றரைத் தூக்கிக்கொண்டு எங்கட அறைக்கே வந்து அளந்து காட்டுவார். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிப்பாட்டி அளந்தால் 47. ஃபேனை முழு வேகத்தில போட்டு, பாட்டு ஓய்ந்த நேரத்தில அளந்தால் 48. "தம்பியவை, உங்கட ஃபேன் எங்கள விடச் சத்தம்" எண்டுட்டுப் போயிடுவார்.

மீற்றர் பொய் சொல்லேல்ல. அந்த இலக்கத்துக்குப் பின்னால dBA எண்டு இருந்ததுதான் எங்களை யோசிக்க வைச்சது.

மைக்குக்கு எல்லா மீடிறனும் ஒண்டுதான், காதுக்கு அப்படியில்லை. 1933இல அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஃபிளெச்சரும் மன்சனும் இதை அளந்தார்கள். முறை எளிமையானது. 1000 ஹேர்ட்ஸ் ஒலி ஒன்றைக் கேட்க வைத்து, பிறகு வேறொரு மீடிறனில் ஒலி கொடுத்து, இரண்டும் ஒரே அளவு உரப்பாகக் கேட்கும் வரை அளவை மாற்றுவது. அந்தப் புள்ளிகளை இணைத்தால் வருவதுதான் சம உரப்பு வளைகோடு. பிறகு பலர் திரும்ப அளந்து திருத்தியிருக்கிறார்கள். இன்றைய வளைகோடுகளின்படி, 1000 ஹேர்ட்ஸில் 40 டெசிபெல் ஒலி கேட்கும் அதே உரப்பில் 100 ஹேர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமெண்டால் அதற்குச் சுமார் 64 டெசிபெல் தேவை. தாழ்ந்த ஒலிக்குக் காது அவ்வளவு மந்தம். மறுபக்கம், 3000–4000 ஹேர்ட்ஸில் காது மிகக் கூர்மை. காதுத் துவாரம் ஏறக்குறைய இரண்டரை சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒரு குழாய், அந்த மீடிறன்களில்தான் அது பரிவுறும்.

மீற்றரும் காதைப் போலக் கேட்க வேண்டும் எண்டதுக்காகத்தான் ஏ நிறையளிப்பு வந்தது. அது 100 ஹேர்ட்ஸில் 19 டெசிபெல்லையும் 50 ஹேர்ட்ஸில் 30 டெசிபெல்லையும் கழித்துவிட்டு இலக்கத்தைக் காட்டும். அந்தக் கழிவு எடுக்கப்பட்டது 40 டெசிபெல் அளவிலான மெல்லிய ஒலிகளுக்குரிய வளைகோட்டிலிருந்து. சத்தம் கூடினால் வளைகோடு தட்டையாகும். 1000 ஹேர்ட்ஸில் 80 டெசிபெல் ஒலிக்குச் சமமாக 100 ஹேர்ட்ஸில் கேட்கச் சுமார் 92 டெசிபெல் போதும், இடைவெளி 24இலிருந்து 12 ஆகிவிட்டது. ஏ மட்டும் அதே 19ஐத்தான் கழிக்கும். காதுக்கு 80 போலக் கேட்கிற பேஸை மீற்றர் 73 எண்டு எழுதும். உரத்த ஒலிகளுக்கெண்டு சி எண்ட, பேஸை அநேகமாக வெட்டாத இன்னொரு நிறையளிப்பு இருக்கு. ஆனால் நடைமுறையில எல்லாத்துக்கும் ஏ. இலங்கையின் 1996 சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளும் ஏ அளவில்தான். தொழிற்சாலைச் சத்தத்தால் காது பழுதாவது பெரும்பாலும் 4000 ஹேர்ட்ஸ் அளவில் தொடங்குவதால், அந்த வேலைக்கு ஏ நல்லாவே பொருந்துது. அதைக் குறை சொல்ல எங்களால முடியேல்ல.

பௌதிகப் பிரிவு நண்பன் ஒருத்தனிட்ட ஒழுங்கான மீற்றர் ஒண்டை வாங்கி, ஆளியை சிக்கு மாத்தித் திரும்ப அளந்தம். (போனில இருக்கிற அப்பை நம்பேலாது, பல போன்களின் மைக் பேஸை முதலே வெட்டிப்போடும்.) ஃபேன் 55. மண்டபம் 68. ஏயில ஒரு டெசிபெல் வித்தியாசம், சியில பதின்மூண்டு. மதிலும் சாத்தின ஜன்னலும் பாட்டின் மேல்மீடிறன்களைத் தடுத்துவிட, எங்களிட்ட வந்தது டம்... டம்... மட்டும். அலுமாரிக் கதவு சேர்ந்து ஆடுறது எங்களுக்கு அப்பதான் விளங்கிச்சு.

ஒரு கேள்வி மிச்சம். 68 டெசிபெல் பேஸ் காதுக்கு மெல்லியதுதானே, ஏன் படிக்க விடுதில்லை? வளைகோடுகளைப் பார்த்தால் விடையின் ஒரு பாதி கிடைக்கும். இடப்பக்கம், தாழ்ந்த மீடிறனில, கோடுகள் நெருக்கமா நிக்கும். மேல சொன்ன இலக்கங்களையே எடுங்கோ: 1000 ஹேர்ட்ஸில் 40 டெசிபெல் ஏற்றம் தருகிற உரப்பு மாற்றத்தை 100 ஹேர்ட்ஸில் 28 டெசிபெல்லே தந்துவிடும். ஒவ்வொரு அடிக்கும் பேஸ் பத்து டெசிபெல் ஏறி இறங்கினால், அது காதுக்குப் பத்தை விடப் பெரிய ஏற்ற இறக்கம். ஃபேன் ஏறி இறங்குறதில்லை, அஞ்சு நிமிசத்தில மறந்துடுவம்.

சியில் இருந்து ஏயைக் கழித்தால் எவ்வளவு பேஸ் எண்டது பிடிபடும். ஜேர்மனியின் தாழ்மீடிறன் சத்த நியமத்தில் அந்த வித்தியாசம் 20ஐத் தாண்டினால் தனியாக ஆராய வேண்டும். எங்கட ஃபேனுக்கு 7, மண்டபத்துக்கு 21. தாளில எழுதிக் கொண்டுபோய்க் காட்டினம். அண்ணை நெடுநேரம் பார்த்தார். "அப்ப பேஸ் பெட்டி ரெண்டையும் மற்றப் பக்கம் திருப்பிப் பாப்பமே?" எண்டார். பேஸ் எல்லாப் பக்கமும் பரவும், திருப்பிப் பெரிய பலனில்லை எண்டு சொன்னம். இப்ப பேச்சு பெட்டியைக் குறைக்கிறதில நிக்குது.