மூன்று குட்டிகள் கொண்டுபோன லாபம்

வெள்ளாட்டுக் குட்டியைச் சந்தையில் கண்ணால் பார்த்து உருப்படி விலைக்கு வாங்குகிறார்கள். வளர்த்து விற்கும்போது தராசில் தொங்கவிட்டுக் கிலோ கணக்கில் விற்கிறார்கள். எங்கள் மாகறல் பக்கத்தில் ஆடு வளர்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்களில் பாதிப்பேர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பணத்தை விட்டிருக்கிறார்கள். நோய், மழை, தீவனம் என்று காரணங்கள் சொல்வார்கள். அவையும் உண்மைதான். ஆனால் குட்டி வண்டியிலிருந்து இறங்கும்போதே ஒரு நஷ்டமும் சேர்ந்து இறங்கிவிடுகிறது, அதை யாரும் எழுதி வைப்பதில்லை.

என் பக்கத்து வீட்டு அண்ணன் எழுதி வைத்தார். அவர் காஞ்சிபுரத்து முதலாளி ஒருவருக்குப் பட்டு நெய்கிறவர். பாவு, ஊடை, கூலி என்று எல்லாவற்றையும் நோட்டில் குறித்துப் பழகிய கை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் ஈரம் ஏறும். பாவு போடவும் வெயில் இருக்காது. அந்த மாதங்களில் வீட்டுக்குக் காசு வேண்டும் என்பதற்காகத்தான் ஆடு பிடித்தார். 2024 வைகாசி கடைசியில் வந்தவாசி தாண்டிச் செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய், குட்டி ஐயாயிரம் என்று இருபது கிடாக்குட்டிகள். தீபாவளிக்கு விற்பது என்று ஏற்பாடு.

அவர் நோட்டைத்தான் இங்கே பிரித்து வைக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

வியாபாரி ஒவ்வொன்றும் பன்னிரண்டு கிலோ நிற்கும் என்றார். பார்த்தால் அப்படித்தான் இருந்தன, வயிறு புடைத்து. சந்தைக்கு ஓட்டி வருகிறவர்களில் சிலர் முதல் நாள் உப்பு கலந்த தவிடு வைத்து, விடியற்காலையில் தண்ணீர் காட்டிவிடுவார்கள். குட்டி குடம் போல ஆகிவிடும். மறுநாள் காலை வெறும் வயிற்றில் வீட்டுத் தராசில் போட்டதில் இருபதும் சேர்ந்து 216 கிலோ. சராசரி பதினோரு கிலோகூட இல்லை. அப்படியென்றால் அவர் கொடுத்த விலை கிலோவுக்கு 463 ரூபாய். தீபாவளிக்கு அவர் விற்ற விலை கிலோ 400. வாங்கிய எடை மட்டும் வைத்துப் பார்த்தால், ஒரு கைப்பிடி தழை போடுவதற்கு முன்பே பதின்மூவாயிரத்து அறுநூறு ரூபாய் போய்விட்டது. அந்த வருடம் பக்ரீத் ஜூன் 17. பண்டிகை நெருக்கத்தில் சந்தை முழுக்க விலை ஏறி நிற்கும்போது போய் நின்றிருக்கிறார். குட்டிக்கும் பெரிய ஆட்டுக்கும் தனித்தனி விலைதான், ஆனாலும் சந்தை சூடாக இருந்தால் குட்டிக்காரரும் இறங்கி வருவதில்லை.

ஐந்து மாதத்தில் செலவு என்னவென்றால், வண்டி வாடகை, சந்தைச் சுங்கம் எல்லாம் சேர்த்து மூவாயிரம். அண்ணி பகலில் செய்யாற்றங்கரையிலும் ஏரி உள்வாயிலும் மேய்த்து வருவார். மாலையில் ஆட்டுக்கு 150 கிராம் கலப்புத் தீவனம்: மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு, கொஞ்சம் தாது உப்பு. கிலோ முப்பது ரூபாய் அடக்கம். அதுவே பன்னிரண்டாயிரத்து நூற்றைம்பது ஆயிற்று. கடலைக்கொடி ஐயாயிரம். குடற்புழு மருந்து, ஊசி, டாக்டர் வந்துபோன செலவு மூவாயிரத்து அறுநூறு. குட்டி விலை ஒரு லட்சத்தையும் சேர்த்தால் மொத்தம் 1,23,750.

விற்றது பதினேழு ஆடு. சராசரி 21 கிலோ, ஆக 357 கிலோ, கிலோ 400 வீதம் 1,42,800. மிச்சம் 19,050 ரூபாய்.

தெருவில் அவர் சொல்லிக்கொண்டிருந்தது நாற்பத்திரண்டாயிரம் லாபம் என்று. விற்ற பணத்திலிருந்து குட்டி விலையை மட்டும் கழித்தால் அந்தத் தொகைதான் வரும். ஆடு வளர்ப்பில் லாபம் பேசுகிற பெரும்பாலான வாய்கள் இப்படித்தான் கழிக்கின்றன. ஒரு வேடிக்கை பாருங்கள்: எல்லாச் செலவையும் கழித்த பிறகும் உண்மையாகவே நாற்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் அவருக்குக் கிடைத்திருக்கும், செத்துப்போன மூன்று குட்டிகளும் பிழைத்திருந்தால். பாதிக்கு மேல் லாபத்தை அந்த மூன்றும் கொண்டுபோயின.

அந்த மூன்றின் கதைதான் முக்கியம். முதல் இரண்டும் வந்த மூன்று வாரத்துக்குள் போயின. நாலைந்து ஊர்க் குட்டிகள் ஒரே வண்டியில் நெருங்கி வந்தவை. வந்த நாலாம் நாள் ஒன்றுக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. சளி என்று நினைத்தார்கள். மறுநாள் மூக்கில் ஒழுகியது கெட்டியாகி அடைத்துக்கொண்டது, உதட்டுக்குள் புண், காய்ச்சல், பிறகு நாற்றமெடுக்கும் கழிச்சல். கால்நடை டாக்டர் வந்து வாயைத் திறந்து பார்த்ததுமே ஆட்டுக்கொல்லி என்றார். நச்சுயிரி நோய், அதற்கென்று மருந்து கிடையாது. கூடவே வரும் நிமோனியாவுக்கு ஊசி போடலாம், பிழைப்பது குட்டியின் தெம்பைப் பொறுத்தது. இருபதில் இரண்டோடு நின்றது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். தடுப்பூசி ஒன்று போட்டால் மூன்று வருடம் தாங்கும், கால்நடைத் துறை முகாம் வைத்து இலவசமாகவே போடுகிறது. ஆனால் போட்ட அன்றே காப்பாற்றாது, உடம்பில் எதிர்ப்பு வர இரண்டு வாரம் போல ஆகும். ஆகவே ஊசி போட்ட குட்டியா என்று வாங்கும் இடத்திலேயே கேட்க வேண்டும். சந்தையில் அதற்கு நம்பும்படியான பதில் கிடைக்காது.

மூன்றாவது செத்தது நாலாம் மாதத்தில், இருப்பதிலேயே கொழுத்த குட்டி. பதினெட்டு கிலோவைத் தொட்டிருந்தது. தீபாவளிக்குள் எடை ஏற்ற வேண்டும் என்று அண்ணன் தீவனத்தை ஒரே நாளில் இரட்டிப்பாக்கினார், கூடவே ரேஷன் அரிசியில் காய்ச்சிய கஞ்சியும். காலையில் பார்த்தால் கால் விறைத்துக் கிடந்தது, முதல் நாள் மாலை துள்ளிக்கொண்டிருந்த ஆடு. துள்ளுமாரி என்று ஊரில் சொல்வது இதைத்தான். குடலில் எப்போதும் இருக்கிற ஒரு நுண்ணுயிர், திடீரென்று மாவுச்சத்து நிறையக் கிடைத்ததும் பெருகி நஞ்சைக் கக்குகிறது. நோஞ்சானை விட்டுவிட்டு நன்றாகத் தின்கிறதைத்தான் அடிக்கும். மழைக்கு முன் இதற்கும் தடுப்பூசி போட வேண்டும். தீவனத்தைக் கூட்டினால் ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். எடை போட்டு விற்பதில் உள்ள ஆசையே இந்தச் சாவைக் கூப்பிட்டுவிடுகிறது.

ஒரு சாவின் விலையை இப்படிப் பார்க்கலாம். பிழைத்து விற்ற ஒவ்வொரு ஆட்டிலும் எல்லாம் போக இரண்டாயிரத்து நூற்றைம்பது ரூபாய் போல நின்றது. முதல் மாதத்தில் செத்த குட்டி கொண்டுபோனது ஐயாயிரத்து முந்நூறு. அதை ஈடுகட்ட இரண்டரை ஆடு ஐந்து மாதம் மேய வேண்டும். நாலாம் மாதத்தில் செத்ததற்குக் கிட்டத்தட்ட மூன்று ஆடு. இந்த விலையில் வாங்கி இந்த விலையில் விற்றால், இருபதில் ஆறு செத்த இடத்தில் லாபம் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும்.

புழுவால் அவருக்குச் சாவு இல்லை, அது அண்ணியின் கைவரிசை. வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஆட்டின் கீழ் இமையையும் பெருவிரலால் இழுத்துப் பார்ப்பார். உள்ளே சிவப்பாக இருந்தால் சரி. வெளிறி வெள்ளையாகத் தெரிந்தால் வயிற்றில் உருண்டைப் புழு இரத்தம் குடிக்கிறது என்று அர்த்தம். இன்னும் விட்டால் சாயங்காலம் மேய்ந்து வரும்போது தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும். பனி காயாத புல்லில் அவர் ஆட்டை விடுவதில்லை, ஈரத்தில்தான் புழுவின் குஞ்சுகள் புல் நுனிக்கு ஏறி நிற்கும். சித்திரை, வைகாசி போல வேலிக்காத்தான் காய் விழும் காலமாக இருந்திருந்தால் புண்ணாக்குச் செலவும் கொஞ்சம் குறைந்திருக்கும் என்பது அவருடைய குறை.

விற்கும் நாள் வியாபாரி தொங்கு தராசோடு வந்தார். "விடியக்காலையில வெறும் வயித்துல போட்டா கிலோ நானூறு. சாயங்காலம் மேஞ்சு வந்து போட்டா முந்நூத்தி எம்பது. எது வேணும்ணே?" என்றார். கணக்குப் போட்டால் இரண்டும் ஒன்றுதான். மேய்ந்து வந்த ஆட்டின் வயிற்றில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் தழையும் தண்ணீரும் இருக்கும். அதை அவர் விலையில் கழித்துவிட்டார். கறிக்கடையில் உயிர் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கறி நிற்கும் என்பது அவருக்கு விரல் நுனியில். அதில் அவர் ஏமாற்றுவதாக நான் நினைக்கவில்லை. பணம் போவது வேறு இடத்தில், முழுக் கிலோவுக்கு மேல் வரும் கிராமைத் தள்ளிவிடச் சொல்வார்கள். ஆட்டுக்குச் சராசரி அரைக் கிலோ என்றால் பதினேழு ஆட்டுக்கு எட்டரைக் கிலோ, 3,400 ரூபாய். ஐந்து மாத மருந்துச் செலவு கிட்டத்தட்ட அவ்வளவுதான். அண்ணன் இதில் விட்டுக்கொடுக்கவில்லை. பிரிக்காத 25 கிலோ அரிசி மூட்டையை முதலில் தொங்கவிட்டுத் தராசைச் சரிபார்த்த பிறகுதான் ஆட்டையே அவிழ்த்தார். புரட்டாசியில் விற்காமல் காத்திருந்ததும் நல்லதாயிற்று. அந்த மாதம் ஊரில் பாதிப்பேர் கவுச்சி தொடுவதில்லை, விலை படுத்துவிடும்.

பத்தொன்பதாயிரத்தை ஐந்து மாதத்துக்குப் பிரித்தால் நாளுக்கு 127 ரூபாய். அண்ணி நாளில் பாதியை அந்த ஆடுகளுக்குப் பின்னால் நடந்தார். அதே வருடம் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி 319 ரூபாய். தாயாடு வைத்துக் குட்டி எடுக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2011-ல் அரசு ஏழைப் பெண்களுக்கு நான்கு நான்கு ஆடாக இலவசமாகக் கொடுத்தபோது சில குடும்பங்கள் தேறியதற்குக் காரணம், குட்டிக்கு அவர்கள் விலை கொடுக்கவில்லை. குட்டி வாங்கி வளர்ப்பது வேறு தொழில். அதில் செலவில் ஐந்தில் நாலு பங்கு முதல் நாளே கையை விட்டுப் போகிறது. அண்ணன் அதே குட்டிகளை எடை போட்டுக் கிலோ 430-க்கு வாங்கியிருந்தால், வேறெதையும் மாற்றாமலே லாபம் இருபத்தாறாயிரத்தைத் தாண்டியிருக்கும்.

அடுத்த முறை சந்தைக்குப் போகப் போவதில்லை என்கிறார். தை மாதத்தில், ஊசி போட்ட ஒரே பட்டியில், தராசில் போட்டுப் பன்னிரண்டு குட்டி மட்டும். வந்ததும் மூன்று வாரம் ஊர் ஆடுகளோடு சேர்க்காமல் தனியே கட்டி வைக்கவும் தறிக்கொட்டகைக்குப் பின்னால் இடம் ஒழித்திருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு ஆடு பிடிக்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று. அண்ணன் போட்டது சொந்தப் பணம். அந்த ஒரு லட்சத்தை நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் ஐந்து மாத வட்டியே பத்தாயிரம், கையில் நின்றிருப்பது ஒன்பதாயிரத்து ஐம்பதுதான். வட்டிக்கு வாங்கிக் குட்டி பிடிக்காதீர்கள்.