பெயருக்குப் பின்னால் ஒரு 'சான்'



எங்களிடம் படித்த தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி, முதியோர் பராமரிப்பு வேலைக்காக ஜப்பான் போக ஆயத்தமாகிறாள். திறன் தொழிலாளர்களை அனுப்புவது பற்றி 2019இல் இலங்கையும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்பாட்டின் வழி அது. முதல் அறிமுகம் போனில், ஆங்கிலத்தில் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் பின்னேரத்தில் எங்களிடம் பழக வந்தாள். இங்கே அவளைச் செல்வி என்று வைத்துக்கொள்வோம்.

வாயைத் திறந்ததும், "ஐ ஆம் செல்வி சான்" என்றாள்.

ஜப்பானியர் காதில் அது, "நான் செல்வி அம்மையார் அவர்கள்" என்று சொன்ன மாதிரி விழும். 'சான்' என்பது மற்றவர் பெயருக்கு நாம் கொடுக்கிற மரியாதை. ஆண், பெண், கல்யாணமானவர், ஆகாதவர் எல்லாருக்கும் அது ஒன்றே. தன் பெயரோடு யாரும் அதைச் சேர்ப்பதில்லை.

பிள்ளையில் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. பெற்றோருக்குப் போன் எடுத்தால் நாங்கள் எப்படிப் பேசுகிறோம்? "நான் இங்கிலீஷ் டீச்சர் பேசுறேன்." ஊரிலும், "நான் ஃபாரூக் நானா கதைக்கிறேன்" என்பார்கள். எங்களுக்கு அது பெருமை இல்லை, ஆளை அடையாளம் காட்டுகிற வழி. அந்தப் பழக்கம்தான் அவளுடைய ஆங்கிலத்துக்குள்ளும் வந்திருக்கிறது.

அடுத்தது, எந்தப் பெயரோடு சேர்ப்பது? சமாதானப் பேச்சுக் காலத்தில் ஜப்பானின் விசேட தூதுவராக வந்துபோன யசூஷி அகாஷியைப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதில் யசூஷி அவருடைய சொந்தப் பெயர், அகாஷி குடும்பப் பெயர். ஆங்கிலத்தில் பேசும்போதும் அகாஷி சான் என்பதுதான் முறை. முதல் சந்திப்பிலேயே யசூஷி சான் என்றால் உரிமை எடுத்த மாதிரி ஆகிவிடும். மிஸ்டர் அகாஷி என்றாலும் பிழையில்லை. மிஸ்டர் அகாஷி சான் என்று இரண்டையும் போடுவதுதான் பிழை.

இங்கேதான் எங்கள் பிள்ளைகளுக்குச் சிக்கல் வருகிறது. எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பாவின் பெயர்தான் முன்னால் நிற்கும். பாஸ்போட்டில் கருப்பையா செல்வி என்று இருந்தால், ஜப்பானின் வதிவிட அட்டையிலும் அப்படியே ஏறும். முன்னால் இருப்பதைக் குடும்பப் பெயராக எடுத்து, அவளைக் "கருப்பையா சான்" என்று கூப்பிடுவார்கள். முஹம்மத் என்று பெயர் தொடங்குகிற மூன்று பேர் ஒரே இடத்தில் வேலைக்குப் போனால், மூவரும் முஹம்மத் சான்தான்.

இதைக் கேட்டுச் செல்வி சிரித்தாள். பிறகு, "மிஸ், அப்பா பேரச் சொல்லிக் கூப்பிட்டா நான் திரும்பிப் பார்க்கவே மாட்டேனே" என்றாள். சரியான கவலை. ஒரு முதியவரைத் தூக்கி உட்கார வைக்கிற நேரத்தில், கூப்பிட்டது தன்னைத்தான் என்று தெரியாமல் நின்றால் அது விளையாட்டில்லை. அதனால் முதல் நாளே, "ப்ளீஸ் கால் மீ செல்வி" என்று சொல்லப் பழக்கினோம். பெயர் அட்டை எழுதும்போதும் அதையே கேட்க வேண்டும். 'சான்' என்பதை அவர்களே சேர்த்துக்கொள்வார்கள்.

கடைசியாக ஒன்று கேட்டாள். "மேனேஜருக்குச் 'சாமா' போட்டா இன்னும் மரியாதைதானே மிஸ்?"

தோட்டத்தில் பெரிய துரை, சின்ன துரை என்று கேட்டு வளர்ந்த பிள்ளை அப்படித்தான் நினைக்கும். 'சாமா' கூடின மரியாதைதான், ஆனால் அதற்கு இடம் உண்டு. கடிதத்தின் மேல் எழுதும் பெயருக்கு வரும், கடைக்காரர் வாடிக்கையாளரை அழைக்கும்போது வரும். கூட வேலை செய்கிறவரையோ மேலாளரையோ ஆங்கிலப் பேச்சில் தனாகா சாமா என்றால், கேலி செய்கிற மாதிரிகூடக் கேட்கும். தனாகா சான் போதும். பராமரிப்பு இல்லத்து முதியவர்களுக்கும் சான்தான். அன்பு என்று நினைத்து, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்கிற 'சான்' போன்ற 'ச்சான்' என்ற ஒட்டை அவர்களுக்குப் போட்டால், வயதானவரைக் குழந்தையாக்கி மதிப்பைக் குறைத்ததாகிவிடும்.

போன வாரம் அறிமுகம் நடந்தது. "ஐ ஆம் செல்வி" என்று மட்டும் சொன்னாளாம். அந்தப் பக்கத்திலிருந்து உடனே "செல்வி சான்" என்று வந்ததாம்.

அன்று முதல் நாங்களும் போனில் பெயரை மட்டும் சொல்லிப் பார்க்கிறோம். "யாரு? எந்த ஃபாத்திமா?" என்று கேட்கிறார்கள். பிறகென்ன, "டீச்சர்" என்று சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. எங்கள் ஊருக்கு அது சரி. ஜப்பானுக்குப் போகிற பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், அதை இங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.