உம்மாவின் மருந்துத் துண்டில் இருந்த இரண்டு சொற்கள்

போன மாதம் எங்கள் உம்மாவுக்குச் சீனி வருத்தத்துக்கும் முழங்கால் உளைவுக்கும் டொக்டர் ஒரு துண்டு எழுதித் தந்தார். இரண்டே வரிதான். முதல் வரியில் மெட்போமின் 500 மில்லிகிராம், பி.ஐ.டி., சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு மாதத்துக்கு. இரண்டாம் வரியில் பரசிட்டமோல் 500 மில்லிகிராம், இரண்டு குளிசை, பி.ஆர்.என்.

பார்மசியில் 60 மெட்போமினும் 20 பரசிட்டமோலும் தந்தார்கள். வீட்டுக்கு வந்து நாங்கள்தான் உம்மாவுக்கு விளங்கப்படுத்தினோம். "இது ரெண்டு நேரம். அது நோவு வந்தா குடிங்க, உம்மா." அத்தோடு எங்கள் கடமை முடிந்தது என்று நினைத்தோம்.

பரசிட்டமோல் முடிந்ததும் துண்டு இல்லாமலே பக்கத்துக் கடையில் இன்னும் 20 வாங்கிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் ஒன்றும் மிச்சமில்லை. கேட்டால் உம்மா சாதாரணமாகச் சொன்னார்: "ஸுஜூதுக்குப் போகக்குள்ள முழங்கால் உளையுதே மகள். அஞ்சு வக்துக்கும் ரெண்டு ரெண்டு போட்டேன்."

அதாவது ஒரு நாளைக்கு பத்துக் குளிசை, 5 கிராம். வளர்ந்தவர்களுக்கு 24 மணித்தியாலத்துக்கு உச்ச அளவு 4 கிராம், எட்டுக் குளிசைதான். அதற்கு மேல் தடிமலுக்கென்று வேறொரு குளிசையும் குடித்திருக்கிறார். அதன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அதற்குள்ளும் பரசிட்டமோல்.

பதறிப்போய் மெட்போமினையும் எண்ணினோம். துண்டு எழுதி 15 நாள் ஆகியிருந்தது. 30 மிச்சமிருக்க வேண்டிய இடத்தில் 41 இருந்தது. "சீனி கூடினமாதிரி இருந்தாத்தானே குடிக்கணும்?" என்றார் உம்மா. இரண்டு வரியையும் அப்படியே மாற்றிப் பிடித்திருக்கிறார்.

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். பரசிட்டமோல் கூடினால் முதல் நாள் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம், ஈரல் பாதிக்கப்படுவது பிறகுதான் தெரியவரும் என்றார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு துண்டை எடுத்துக்கொண்டு பார்மசித் தம்பியிடம் போனோம். அவர்தான் எங்களுக்குப் பாடம் எடுத்தார்.

பி.ஐ.டி. என்பது லத்தீனில் "பிஸ் இன் டியே", நாளுக்கு இரு தடவை. சில டொக்டர்மார் பி.டி. என்று சுருக்குவார்கள். அதைப் பார்த்ததும் பார்மசியில் கணக்கு வந்துவிடும்: நாளுக்கு இரண்டு, 30 நாள், மொத்தம் 60. நோவு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே அதில் இல்லை. சீனி கூடுவது உடம்புக்கு எப்போதும் தெரியும் என்றில்லை. அதனால் சுகமாக இருக்கும் நாளிலும் அதைக் குடிக்க வேண்டும்.

பி.ஆர்.என். என்பது "ப்ரோ ரே நாட்டா". தேவை பிறந்தால் என்று வைத்துக்கொள்ளலாம். குடிக்காமல் விட்டாலும் தவறில்லை. ஆனால் இந்த மூன்று எழுத்தை மட்டும் வைத்து எத்தனை குளிசை கொடுப்பது என்று கணக்குப் போட முடியாது. என்ன நோவுக்கு, ஒரு தடவைக்கு எத்தனை, அடுத்த தடவைக்கு எவ்வளவு இடைவெளி, ஒரு நாளைக்கு ஆகக்கூடியது எத்தனை என்பதையும் எழுதினால்தான் அந்த வரி முழுமையாகும். எங்கள் துண்டில் ஒரு தடவைக்கு இரண்டு என்பது மட்டும்தான் இருந்தது. "அண்டைக்கே டொக்டருக்குக் கோல் எடுத்துக் கேட்டிருக்கணும் டீச்சர்" என்று தம்பி வருத்தப்பட்டார். கேட்காமல் வந்த பிழையில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது.

அங்கிருந்தபடியே அவர் டொக்டரிடம் கேட்டு, புது உறையில் தமிழில் எழுதித் தந்தார்: "முழங்கால் நோவுக்கு மட்டும். ஒரு தடவைக்கு 2. ஆறு மணித்தியாலம் போகாமல் அடுத்தது வேண்டாம். ஒரு நாளைக்கு 6க்கு மேல் வேண்டாம்." உம்மா மெலிந்தவர் என்பதால் எட்டை டொக்டர் ஆறாகக் குறைத்துவிட்டார். தடிமல் குளிசையைச் சேர்த்துக் குடிக்கவே கூடாது என்று அடியில் ஒரு கோடும் போட்டிருந்தார்.

இப்போது மெட்போமின் காலைச் சாப்பாட்டோடும் இராச் சாப்பாட்டோடும் போகிறது. வெள்ளிக்கிழமை தோறும் மிச்சத்தை எண்ணுகிறோம். பரசிட்டமோல் குடித்த நேரத்தை உம்மா கலண்டரில் தானே எழுதுகிறார். தொழுகைக்குக் கதிரை ஒன்றும் வாங்கிக் கொடுத்துவிட்டோம். நேற்றுப் பார்த்தால் முழு நாளுக்கும் ஒரேயொரு நேரம்தான் எழுதியிருந்தது.

உங்கள் வீட்டுத் துண்டிலும் பி.ஆர்.என். இருந்தால், இடைவெளியும் உச்ச அளவும் பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பார்மசியை விட்டு இறங்க முதலே கேளுங்கள்.