அப்போஸ்டில் கேட்டால் என்ன செய்வது?



வெளிநாட்டில் படிக்கப் புறப்படும் நம் சபைப் பிள்ளைகளின் காகிதங்களை எங்கள் வாலிபர் சங்கத்தில் நாலைந்து பேராக உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அப்போது ஒரு வார்த்தை அடிக்கடி வரும். அப்போஸ்டில். ஞாயிறு பள்ளியில் படித்த அப்போஸ்தலருக்கும் இதற்கும் உறவில்லை. ஓரக்குறிப்பு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் இது. ஒரு நாட்டு அரசு தன் சான்றிதழில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவைதான் என்று தரும் ஒற்றைச் சான்று. 1961 அக்டோபர் 5-ஆம் தேதியிட்ட ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஒன்றுக்கொன்று இதை ஏற்றுக்கொள்கின்றன. இது இருந்தால் தூதரகத்துக்குப் போக வேண்டியதில்லை.

ஆனால் மியன்மார் அந்த உடன்படிக்கையில் இல்லை. ஆகவே நம் நாட்டில் எந்த அலுவலகமும் அப்போஸ்டில் தர முடியாது. நோட்டரியும் முடியாது, அமைச்சும் முடியாது, தூதரகமும் முடியாது. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்ற முறை ஒரு புரோக்கர், யாங்கோனிலேயே பத்து நாளில் அப்போஸ்டில் வாங்கித் தருகிறேன் என்று நம் சபைத் தங்கை ஒருவரிடம் முன்பணம் கேட்டார். அவர் காட்டிய மாதிரி, பிரெஞ்சுத் தலைப்பும் பத்து எண்ணிட்ட வரிகளும் கொண்ட அழகான சதுரத் தாள். அமைப்பெல்லாம் சரிதான். ஆனால் மியன்மார் பெயரில் அப்படி ஒரு தாள் இருந்தால் அது பொய்த்தாள். அதைக் கொடுத்து விண்ணப்பம் தள்ளுபடியானால் பணம் மட்டும் போகாது, போலிச் சான்று கொடுத்தவர் என்ற பெயரும் கூடவே வரும்.

அந்தத் தங்கை யாங்கோன் பல்கலைக்கழகப் பட்டதாரி. மேற்படிப்புக்குக் கொரியப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்தார். அங்கிருந்து வந்த பட்டியலில் அப்போஸ்டில் என்ற சொல்லைப் பார்த்துத்தான் கலங்கிப் போனார். அதே வரியை முழுதாகப் படித்தால், அப்போஸ்டில் அல்லது கொரியத் தூதரகத்தின் உறுதிச்சான்று என்று இருந்தது. அந்த 'அல்லது'தான் நம்மைப் போன்ற நாட்டவருக்கு உரிய வழி.

இந்த வழி ஒரு சங்கிலி. மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்க்கிறார். நோட்டரி அதற்குச் சாட்சி சொல்லி முத்திரை இடுகிறார். வெளியுறவு அமைச்சின் கன்சுலர் பிரிவு அந்த நோட்டரியின் கையெழுத்தைச் சரிபார்க்கிறது. கடைசியில் தூதரகம் அமைச்சின் கையெழுத்தைச் சரிபார்க்கிறது. ஒவ்வொருவருக்கும் தமக்கு முன்னால் கையெழுத்திட்டவரை மட்டுமே தெரியும். தூதரக அதிகாரிக்கு நம் நோட்டரியைத் தெரியாது, அவரிடம் அமைச்சின் மாதிரிக் கையெழுத்துதான் இருக்கும். அதனால்தான் வரிசையை மாற்ற முடியாது. நோட்டரி முடித்து நேராகத் தூதரகத்துக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். அதைவிட மோசம், எல்லா முத்திரையும் வாங்கிய பிறகு மொழிபெயர்ப்பது. அந்த மொழிபெயர்ப்புக்கு யாருமே சாட்சி இல்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டுமா? இல்லை. பட்டச் சான்றிதழிலும் மதிப்பெண் பட்டியலிலும் ஆங்கிலம் இருந்தால் அவற்றை மொழிபெயர்க்கக் காசு கொடுக்காதீர்கள், நகலுக்கு நோட்டரி சான்று போதும். மொழிபெயர்ப்பு வேண்டியது குடும்பப் பட்டியலுக்கும் அப்பா அம்மாவின் அடையாளச் சீட்டுகளுக்கும்தான். பெற்றோருடன் உள்ள உறவையும் அவர்கள் குடியுரிமையையும் காட்ட கொரியாவில் இவற்றைக் கேட்பார்கள். இவை பர்மிய எழுத்தில் இருப்பவை.

நம்மவருக்கு உண்மையான தொல்லை இங்கேதான். நம் பெயர்கள் பர்மிய எழுத்துக்குப் போய் ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது உருமாறிவிடுகின்றன. பர்மியர் ர எழுத்தை ய என்று உச்சரிப்பார்கள். ரங்கூன் யாங்கோன் ஆனது போல, ராஜா என்று எழுதியது யாஸா என்று வாசிக்கப்படும். அந்தத் தங்கையின் அப்பா பெயரில் ராஜா உண்டு. பட்டச் சான்றிதழில் Raja, மொழிபெயர்ப்பில் Yaza. கொரியாவில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இருவரும் வேறு ஆட்கள். போதாததற்கு பர்மியப் பெயருக்கு முன்னால் வரும் ஊ, டோ, மா போன்ற மரியாதைச் சொற்களைச் சில மொழிபெயர்ப்பாளர்கள் பெயரோடு ஒட்டி எழுதிவிடுகிறார்கள். நம்மில் பலருக்கு ஞானஸ்நானப் பெயர் வேறு, சீட்டுப் பெயர் வேறு.

ஆகவே மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போதே பாஸ்போர்ட் நகலைக் கொடுத்து, எல்லாப் பெயரும் இதில் உள்ள எழுத்துக்கூட்டுப்படியே வரட்டும் என்று சொல்லிவிடுங்கள். அப்பாவுக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் பட்டச் சான்றிதழில் உள்ளபடி. நோட்டரி முத்திரைக்கு முன்னால் வரைவை வாங்கி, ஒவ்வொரு பெயரையும் பிறந்த தேதியையும் விரலை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். முத்திரை விழுந்த பிறகு திருத்த முடியாது. சான்றிதழ்களிலேயே பெயர் இரண்டு விதமாக இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி முன் எழுதி, அதையும் அதே சங்கிலியில் சேர்த்து அனுப்ப வேண்டும். தங்கை அப்பாவுக்காக அப்படித்தான் செய்தார். தூதரகம் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொண்டது.

அவருடைய அண்ணன் கதை வேறு. அவர் தமிழ்நாட்டில் படித்துப் பட்டம் வாங்கி யாங்கோன் திரும்பியவர். தங்கையோடு சேர்ந்து தன் சான்றிதழையும் இங்கேயே முடித்துவிடலாம் என்று நினைத்தார். முடியாது. சான்றிதழ் எந்த நாட்டில் பிறந்ததோ அந்த நாடுதான் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். இந்தியா 2005-லும் கொரியா 2007-லும் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டதால், அண்ணனுக்கு உண்மையிலேயே அப்போஸ்டில் கிடைக்கும், தூதரகமே வேண்டாம். ஆனால் மெர்ச்சண்ட் தெருவில் உள்ள இந்தியத் தூதரகம் அதைத் தராது. தூதரகங்கள் அப்போஸ்டில் வழங்குவதில்லை. சான்றிதழ் இந்தியாவுக்கே போக வேண்டும். முதலில் மாநில அரசின் சரிபார்ப்பு, பிறகு இந்திய வெளியுறவு அமைச்சு. அமைச்சு தனி ஆட்களிடம் நேரில் வாங்குவதில்லை, அது நியமித்த முகவர் நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அமைச்சின் கட்டணம் 50 ரூபாய்தான், முகவர் கூலி தனி. சான்றிதழின் பின்புறம் எண்ணுள்ள ஓர் ஒட்டுத்தாள் வரும். அந்த எண்ணை அமைச்சின் இணையதளத்தில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். சென்னையிலுள்ள சித்தப்பா மூலம் அண்ணன் இதை முடித்தார். இந்தியாவில் படித்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகள், இறையியல் படிப்பவர்களும்தான், ஊர் திரும்புமுன் அங்கேயே இதை முடித்துக்கொண்டு வந்தால் நல்லது.

இன்னொன்று. முத்திரை அசல் சான்றிதழின் மேலேயே வேண்டுமா, நோட்டரி சான்றளித்த நகலின் மேல் போதுமா என்று பல்கலைக்கழகத்திடம் கடிதம் எழுதிக் கேளுங்கள். நகல் போதும் என்றால் அசலில் கை வைக்க விடாதீர்கள். நாளைக்கு வேறு நாட்டுக்கும் அதே அசல் வேண்டியிருக்கும். எரேமியா அனாதோத் நிலத்தை வாங்கியபோது முத்திரையிட்ட பத்திரம் ஒன்றும் திறந்த பத்திரம் ஒன்றுமாக மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னதை 32-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நமக்கு மண்பாண்டம் வேண்டாம், பிளாஸ்டிக் உறை போதும். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், அதன்மேல் எந்த முத்திரையும் பிடிக்காது. ஒவ்வொரு முத்திரை விழுந்ததும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

யாராவது இந்த வருடம் விண்ணப்பிப்பதாக இருந்தால், மொழிபெயர்ப்பு வரைவோடு ஆராதனை முடிந்ததும் பின் அறைக்கு வாருங்கள். பாஸ்போர்ட் நகலையும் கொண்டு வாருங்கள்.